அட்வென்ட் வளையம்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகளும் நான்கு மெழுகுவர்த்திகளின் பொருளும்

நவம்பர் கடைசியில் கடைகளில் நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கியதும், பச்சை இலைகளுக்கு நடுவே நான்கு மெழுகுவர்த்தி நிற்கும் அட்வென்ட் வளையத்தையும் அவற்றோடு சேர்த்து வாங்கிவந்து கூடத்தில் வைத்துவிடுகிறோம். சில வீடுகளில் டிசம்பர் 1 அன்றே நான்கு மெழுகுவர்த்தியும் எரியும். அன்றைக்குப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இரண்டாவது வாரத்தில் அந்த வளையத்துக்கு வேலை எதுவும் மிச்சமிருக்காது. அட்வென்ட் என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காத்திருப்புக் காலம். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக் காத்திருக்கத்தான் அந்த வளையத்தை உருவாக்கினார்கள். அதை வைத்து நாம் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற லுத்தரன் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்திவந்தார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் தினமும் கேட்டுக்கொண்டே இருந்ததால், 1839இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தின் மேல் மெழுகுவர்த்திகளை நிறுத்தினார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி நான்கு, மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்தி இருபது. அந்த ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதியே முதல் அட்வென்ட் ஞாயிறாக அமைந்ததால், 24ஆம் தேதி வரை நாளுக்கு ஒன்றாகக் கணக்குச் சரியாக வந்தது. அந்தச் சக்கரம் வீடுகளுக்குள் போனபோது சிறுத்து, பச்சை இலை வளையமாகி, ஞாயிறுகளுக்கான நான்கு மட்டும் நின்றன.

டிசம்பர் 1 என்று நினைப்பது

அட்வென்ட், திருவருகைக் காலம், ஆகமன காலம் என்று சபைக்குச் சபை பெயர் வேறானாலும் தொடக்கக் கணக்கு ஒன்றுதான். நவம்பர் 30, அந்திரேயாவின் திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் முதல் ஞாயிறு. அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் எந்த நாளிலும் வரலாம். எளிய வழி, டிசம்பர் 24இலிருந்து பின்னோக்கி நான்கு ஞாயிறுகளை எண்ணிப் பார்ப்பது. 2026இல் நவம்பர் 29, டிசம்பர் 6, 13, 20 ஆகியவை அந்த நான்கு ஞாயிறுகள். டிசம்பர் 1 வரை பொறுத்திருந்தால் முதல் ஞாயிறே கைநழுவிவிடும். 2028இல் நிலைமை வேறு. அந்த ஆண்டு நான்காம் ஞாயிறு டிசம்பர் 24ஆம் தேதியே வருகிறது. காலையில் நான்காவது மெழுகுவர்த்தி, இரவு ஆராதனை முடிந்து வந்ததும் வளையத்தின் நடுவில் கிறிஸ்துவுக்கென்று வைக்கும் ஐந்தாவதான வெள்ளை மெழுகுவர்த்தி என்று ஒரே நாளில் இரண்டையும் ஏற்ற வேண்டியிருக்கும்.

நாளுக்கொன்று கூட்டுவது, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் வைக்க முயல்வது

முதல் வாரம் முழுவதும் ஒரே ஒரு மெழுகுவர்த்திதான் எரிய வேண்டும். இரண்டாம் ஞாயிறன்று அதோடு இன்னொன்று சேரும், மறு சனிக்கிழமை வரை அந்த இரண்டும் எரியும். இப்படியே வாரத்துக்கு ஒன்று கூடும். ஆகவே முதல் மெழுகுவர்த்தி எல்லாவற்றிலும் குட்டையாகப் போகும், நான்காவது ஏறக்குறைய புதிதாகவே நிற்கும். அதைக் குறையென்று நினைத்து இடம் மாற்றி மாற்றி ஏற்றுகிறவர்கள் உண்டு. வேண்டாம். அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே எத்தனை வாரம் போயிற்று என்று சின்னப் பிள்ளை சொல்லிவிடும்.

ஆனால் வாங்கும்போதே இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். 2026ஐயே எடுத்துக்கொள்வோம். தினமும் மாலை பத்து நிமிடம் ஏற்றினால், நவம்பர் 29 முதல் டிசம்பர் 24 வரை 26 மாலைகளில் முதல் மெழுகுவர்த்தி 260 நிமிடம் எரியும். இரண்டாவது 190, மூன்றாவது 120, நான்காவது வெறும் 50 நிமிடம். வாங்கிய மெழுகுவர்த்தி ஒன்றை அரை மணி நேரம் எரியவிட்டு எவ்வளவு குறைகிறது என்று அளந்து பாருங்கள். ஓர் அங்குலம் குறைந்தால், முதல் வாரத்துக்கு உரியதற்கு ஒன்பது அங்குல உயரமாவது தேவை. அந்த அளவு கிடைக்காவிட்டால் அதே நிறத்தில் ஒன்றிரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள்.

கூடுதல் மெழுகுவர்த்தி இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். முதல் வாரத்தில் தீச்சுடர் இலைகளுக்கு வெகு உயரத்தில் நிற்கும், யாருக்கும் பயம் தோன்றாது. நான்காவது வாரத்தில் அதே சுடர் கீழே இறங்கி இலைமட்டத்துக்கு வந்திருக்கும், இலையும் அதற்குள் நன்றாகக் காய்ந்திருக்கும். வளையம் தீப்பிடிக்க மிகவும் வாய்ப்புள்ள நேரம் இதுதான். நம் பக்கம் சவுக்குக் கிளையைத்தான் அதிகம் பயன்படுத்துகிறோம், காய்ந்த சவுக்கு எவ்வளவு வேகமாகப் பற்றும் என்று அடுப்பெரித்தவர்களுக்குத் தெரியும். பிளாஸ்டிக் இலையும் பாதுகாப்பானதல்ல. அது உருகிக்கொண்டே எரியும்.

என் விருப்பம் ஒரு பெரிய தாம்பாளம். அதில் நான்கு சில்வர் டம்ளர்களில் ஈரமில்லாத மணல் நிரப்பி மெழுகுவர்த்திகளை ஆழமாக ஊன்றுங்கள். பச்சையை டம்ளர்களின் வெளிப்புறத்தில், விளிம்புக்குக் கீழேயே சுற்றிவையுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் பழைய இலையை எடுத்துப் போட்டுப் புதியதை வையுங்கள். டம்ளருக்கு மேல் மூன்று விரல் உயரமே மிச்சமென்றால் அந்த மெழுகுவர்த்தியை மாற்றிவிடுங்கள். மின்விசிறியை நிறுத்திய பிறகே ஏற்ற வேண்டும், காற்று பட்டால் மெழுகு ஒரு பக்கமாக வழிந்து பாதி நேரத்திலேயே தீர்ந்துவிடும்.

நிறத்தைச் சட்டமாக்குவது, பொருளை மனப்பாடமாக்குவது

கத்தோலிக்க வழக்கில் மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். அந்த ரோஜா நிறத்தை நான்காவது வாரத்துக்கு வைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை. அது மூன்றாம் ஞாயிறுக்கு உரியது. அன்றைய திருப்பலி "மகிழுங்கள்" என்ற அழைப்போடு தொடங்குகிறது, குருவும் ரோஜா நிற உடை அணியலாம். பாதிக்கு மேல் காத்திருந்தாயிற்று என்பதற்கான மூச்சுவிடும் ஞாயிறு அது. லுத்தரன், சி.எஸ்.ஐ. வீடுகளில் நான்கும் ஊதாவாகவோ நீலமாகவோ சிவப்பாகவோ இருக்கலாம், அதில் பிழையில்லை. ஊதா கிடைக்காத ஊரில் வெள்ளையே போதும். டம்ளரைச் சுற்றி ஊதா ரிப்பன் கட்டுங்கள், மெழுகுவர்த்தியின் மேல் கட்டாதீர்கள்.

நம்பிக்கை, சமாதானம், சந்தோஷம், அன்பு என்ற வரிசை இன்று பெரும்பாலான இடங்களில் வழங்குவது. சில சபைகளில் இரண்டாவதையும் நான்காவதையும் மாற்றிச் சொல்வார்கள், தீர்க்கதரிசிகள், பெத்லகேம், மேய்ப்பர்கள், தேவதூதர்கள் என்றும் பெயரிடுவார்கள். உங்கள் ஆலயத்தில் எப்படிச் சொல்கிறார்களோ அதையே வீட்டிலும் பின்பற்றினால் பிள்ளைகள் குழம்பமாட்டார்கள். வரிசையை விடப் பெரிய தவறு, நான்கு சொற்களையும் ஒப்பிக்கவைத்துவிட்டு அந்தந்த வாரத்தின் வேதபகுதியைத் திறக்காமலே போவது.

முதல் வாரத்தில் ஆலயத்தில் வாசிக்கப்படுவது மாட்டுத்தொழுவக் கதை அல்ல. ஆண்டவர் மீண்டும் வருவார், விழித்திருங்கள் என்ற பகுதிகளே வரும். அந்த வாரத்தின் நம்பிக்கை அதுதான்: இருளில் நடக்கும் மக்கள் வெளிச்சத்தைக் காண்பார்கள் என்று ஏசாயா 9ஆம் அதிகாரம் சொல்வது, இன்னும் விடியாத நேரத்தில் சொன்ன சொல். ஆகவே ஒற்றைச் சுடர் போதும், அறை இருட்டாகவே இருக்கட்டும்.

இரண்டாம் வாரம் யோவான் ஸ்நானகன் வருகிறார். கர்த்தருக்கு வழியை ஆயத்தம்பண்ணுங்கள் என்ற ஏசாயா 40ஆம் அதிகாரத்துக் குரல் அவருடையதாக ஒலிக்கிறது. இந்தச் சமாதானம் அமைதியாக உட்கார்ந்திருப்பதோடு முடிவதில்லை. முதலில் மனந்திரும்புதல், பிறகே சமாதானம். பேச்சுவார்த்தை நின்றுபோன ஒரு சொந்தக்காரரை அழைத்துப் பேச வேண்டிய வாரம் இது. பண்டிகைக்கு முந்தின இரவு வரை அதைத் தள்ளிப்போட்டால் நடக்காது.

மூன்றாம் வாரத்தின் சந்தோஷத்தைத்தான் நாம் அதிகம் மேலோட்டமாக்கிவிடுகிறோம். பிலிப்பியர் 4:4இல் சந்தோஷமாயிருங்கள் என்று எழுதிய பவுல் அப்போது காவலில் இருந்தார். மத்தேயு 11இல் சிறையிலிருக்கும் யோவான், "வருகிறவர் நீர்தானா?" என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார். வீட்டில் ஒரு சாவோ நோயோ நடந்த ஆண்டில், ரோஜா நிற மெழுகுவர்த்தியை ஏற்றத் தயங்குகிறவர்கள் இந்த இரண்டு பகுதிகளையும் வாசிக்கட்டும். துக்கத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கும்படி அவை கேட்கவில்லை.

நான்காம் வாரம் மரியாளுக்கும் யோசேப்புக்கும் உரியது. உமது வார்த்தையின்படி ஆகட்டும் என்று மரியாள் சொன்னது லூக்கா 1:38இல் இருக்கிறது. யோசேப்பு ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து சொன்னபடி செய்தது மத்தேயு 1:24இல் இருக்கிறது. அன்பு என்பது இங்கே ஒப்புக்கொடுத்தல். நடுவிலுள்ள வெள்ளை மெழுகுவர்த்தி கிறிஸ்துவைக் குறிப்பதால், 24ஆம் தேதி இரவு வரை அதைத் தொடக் கூடாது. குடிலிலும் அதே ஒழுங்கு. தொழுவத்தையும் மாடுகளையும் முன்பே வைக்கலாம், பாலன் சுரூபத்தை மட்டும் அந்த இரவில் வையுங்கள்.

ஆராதனையை வீட்டுக்குள் கொண்டுவருவது

முதல் நாள் அரை மணி நேரம் ஜெபித்துவிட்டு, மூன்றாம் நாளே நின்றுபோவதுதான் வழக்கமாக நடப்பது. பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் 26 நாளும் தாக்குப்பிடிக்கலாம். பாட்டி, அம்மா, அப்பா, பத்து வயதுப் பெண், ஐந்து வயதுப் பையன் உள்ள ஒரு வீட்டில் இரண்டாம் வாரத்துத் திங்கள்கிழமையை நினைத்துப் பாருங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் விசிறியையும் விளக்கையும் அணைக்கிறார்கள். "இன்னைக்கு எத்தனை?" என்று அப்பா கேட்க, "ரெண்டு" என்கிறான் பையன். அப்பா இரண்டையும் ஏற்றுகிறார். மகள் ஏசாயா 40ஆம் அதிகாரத்தில் மூன்று வசனம் மட்டும் வாசிக்கிறாள். ஒரு நிமிடம் யாரும் பேசுவதில்லை. பிறகு ஆளுக்கொரு பெயர் சொல்லி அவருக்காக ஜெபிக்கிறார்கள், பாட்டி தனக்குத் தெரிந்த பாட்டில் ஒரு சரணத்தைத் தொடங்க மற்றவர்கள் சேர்ந்து பாடுகிறார்கள். அணைக்கும் வேலை பையனுடையது. இந்த ஒரு வேலைக்காகவே அவன் தினமும் வந்து உட்காருவான்.

கேரல் ரவுண்ட்ஸ் வரும் நாட்களிலும், அரையாண்டுத் தேர்வு நாட்களிலும் இதுவும் முடியாமல் போகும். விட்ட நாளை ஈடுகட்ட மறுநாள் இருபது நிமிடம் உட்காரவைக்க வேண்டாம். அந்த வாரத்துக்கு உரிய எண்ணிக்கையை ஏற்றித் தொடர்ந்தால் போதும். தினமும் சேர்ந்து உட்கார வழியே இல்லாத வீட்டார், ஷிப்ட் வேலைக்காரர்கள், விடுதியில் பிள்ளைகள் இருப்பவர்கள், ஞாயிறு மாலையை மட்டும் உறுதியாக வைத்துக்கொள்ளட்டும்.

பண்டிகை முடிந்ததும் வளையத்தை உடனே குப்பையில் போட வேண்டியதில்லை. காய்ந்த இலையை மட்டும் 25ஆம் தேதியே எடுத்துவிட்டு, வெள்ளை மெழுகுவர்த்தியை ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை ஏற்றலாம். மிஞ்சிய ஊதா மெழுகுவர்த்திகளைத் தாளில் சுற்றி வெயில்படாத இடத்தில் வைத்தால், உயரமாக மிச்சமிருக்கும் நான்காவது அடுத்த ஆண்டும் அதே இடத்துக்கு உதவும்.