கைப்பிடி தளர்ந்தவர்களுக்கான சமையல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூட்டுவாதத்தால் கைப்பிடி தளர்ந்து, அடுப்பருகே நெடுநேரம் நிற்கவும் இயலாதவருக்கு, "பத்து நிமிடத்தில் ஆகிவிடும்" என்று உப்புமாவைப் பரிந்துரைப்பவர்கள் பலர். சமையலின் எளிமையை நேரத்தைக் கொண்டு அளப்பதுதான் முதல் தவறு. கொதிக்கும் நீரில் ஒரு கையால் ரவையைத் தூவிக்கொண்டே மறு கையால் கிளற வேண்டும்; ரவை இறுக இறுகக் கரண்டி கனக்கும்; அந்தப் பத்து நிமிடமும் நின்றே ஆக வேண்டும். எலுமிச்சை சாதத்தில் பழம் பிழிவதும், புளிக்குழம்பில் புளி கரைப்பதும், சப்பாத்திக்கு மாவு பிசைவதும் இதே வகையைச் சேர்ந்தவை. பிழிவது, முறுக்குவது, தூக்குவது, விடாமல் கிளறுவது ஆகிய நான்கில் எத்தனை ஒரு பண்டத்தில் வருகின்றன என்று பார்த்துத்தான் அதை எளிது என்றோ கடினம் என்றோ சொல்ல வேண்டும். முக்கால் மணி நேரம் எடுத்தாலும், கைக்கு ஐந்து நிமிட வேலை மட்டுமே வைக்கும் உணவு இவருக்கு எளிதானது.

இரண்டாவது தவறு இடுக்கியை நம்புவது. இடுக்கியால் பாத்திரத்தைத் தூக்கும்போது அதன் முழு எடையும் விரல்களின் இறுக்கத்தில்தான் நிற்கிறது. நோயுற்ற கையில் முதலில் வலுவிழப்பதும் அந்த இறுக்கமே. சுடுசோற்றை வடிப்பது இன்னும் ஆபத்தானது. மூடியைத் திருகி எடுக்க வேண்டிய பிரஷர் குக்கரும், நிறைந்தபின் தூக்கி இறக்க வேண்டியிருப்பதால், இவருக்கு ஏற்றதல்ல.

அடுப்பு மேடையின் முன் சாதாரண நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சமைக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. மேடை நிற்பவரின் உயரத்துக்குக் கட்டப்பட்டது. உட்கார்ந்தால் தோள்களை உயர்த்தி வேலை செய்ய நேரும், ஆவி முகத்துக்கு நேராக வரும். அதற்குப் பதிலாக மின்சார ரைஸ் குக்கரைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒயர் மட்டும் நடைபாதையின் குறுக்கே கிடக்கக் கூடாது.

ஒருவருக்கான அரிசி பருப்பு சாதத்தை எடுத்துக்கொள்வோம். துவரம்பருப்பு ரைஸ் குக்கரில் எளிதில் குழையாது என்பதால் பாசிப்பருப்பே பொருத்தம். அரை கப் அரிசியையும் இரண்டு மேசைக்கரண்டி பருப்பையும் கம்பி வடிகட்டியில் போட்டுக் குழாயடியில் அலசினால், பாத்திரத்தைச் சாய்த்து நீரிறுக்கும் வேலை இல்லை. உள்பாத்திரத்தை முதலில் குக்கருக்குள் வைத்துவிட்டு, அரிசியையும் பருப்பையும் அதில் போட்டு, அதே கப்பால் இரண்டு கப் தண்ணீரைப் பக்கத்தில் சிந்தாமல் ஊற்ற வேண்டும். நிறைந்த பாத்திரத்தைத் தூக்கிவந்து வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. மஞ்சள்தூள், சீரகம், உப்பு, உரித்தே விற்கும் பூண்டில் நான்கு பல், ஒரு தேக்கரண்டி நெய் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிடலாம். தனியாகத் தாளிக்கத் தேவையில்லை, நெய் இருப்பதால் நுரை பொங்கி வழிவதும் குறையும். இரண்டு பழுத்த தக்காளியை நறுக்காமல் முழுதாக மேலே வைத்தால், வெந்தபின் கரண்டியின் முதுகால் அழுத்தினாலே மசிந்துவிடும். குக்கர் அணைந்ததும் கால் மணி நேரம் மூடியே விட்டு, பிறகு மூடியின் மறுபக்க விளிம்பை முதலில் உயர்த்தி ஆவியை அப்பால் போக விட்டு, பாத்திரத்தை இறக்காமல் அங்கிருந்தே பரிமாறிக்கொள்ளலாம்.

காய் நறுக்கச் சிரமப்படுகிறாரே என்று கயிறு இழுக்கும் நறுக்கியை வாங்கிக்கொடுக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு கையால் டப்பாவை அழுத்திப் பிடித்து, மறு கை விரல்களால் வெடுக்கென்று இழுக்க வேண்டிய அந்தக் கருவியால் விரல்களுக்கு வலியே மிஞ்சும். கடையிலேயே நறுக்கி வைத்திருக்கும் காய் சற்று விலை கூடினாலும் மேல்.

வேலையை எந்த நேரத்தில் செய்கிறோம் என்பதிலும் தவறு நேர்கிறது. மூட்டுவாதத்தின் ஒரு வகையான முடக்குவாதத்தில் காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கக்கூடும். ஆனால் வலி மாத்திரைகள் பலவற்றை வெறும் வயிற்றில் போடக் கூடாது என்பதால், கை மிக மோசமாக இருக்கும் அந்த வேளையிலேயே ஏதாவது உண்ண வேண்டியிருக்கிறது. அப்போது அடுப்பைப் பற்றவைக்க முயல்வதைவிட, கெட்டி அவலை நனைத்து ஊறவைத்துத் தயிரும் உப்பும் கலந்து உண்பது நல்லது. தயிர் பாக்கெட்டைக் காலையில் கத்தரிக்க முடியாமல் திணறாதபடி, முந்தைய பிற்பகலில் கையின் விறைப்பு தளர்ந்திருக்கும்போதே வெட்டிக் கிண்ணத்தில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

ஒரே நாளில் வாரத்துக்கும் சமைத்துவைப்பது மிச்சம்போலத் தோன்றும். கனமான பாத்திரமும் நீண்ட நிற்றலுமாக மறுநாள் வலிதான் மிஞ்சும். இரண்டு வேளைக்கு மேல் வேண்டாம். மீதமாகும் சோற்றை அறைவெப்பத்தில் மணிக்கணக்காக விடாமல், அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். அதையும் இறுக்க மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் மறுநாள் திறக்க ஆள் தேட வேண்டியிருக்கும். லேசான கிண்ணத்தில் போட்டு மேலே ஒரு தட்டைக் கவிழ்த்தால் போதும்.