மூடிய பணிகளின் பதிவை வைத்து ஸ்பிரிண்ட் தாமதத்தை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமேசுவரம் துறைமுகத்தில் இறங்கும் மீனின் எடையையும் ஏல விலையையும் பதிந்து, படகு உரிமையாளருக்கும் வியாபாரிக்கும் அங்கேயே ரசீது தரும் கைப்பேசிச் செயலி ஒன்றை, இராமநாதபுரத்தில் இருந்தபடி நாங்கள் ஆறு பேர் உருவாக்கி வருகிறோம். இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட். முடிந்ததும் ஜிராவில் மூடப்பட்ட பணிகளின் பதிவை எடுத்து, எது நம்மைத் தாமதப்படுத்தியது என்று ஒரு பக்கத்தில் தொகுத்து, அதை வைத்து ரெட்ரோ கூட்டம் நடத்துவது வழக்கம். அந்தத் தொகுப்பை எழுதும் பொறுப்பு என்னுடையது. அதில் நான் செய்த தவறுகள் பெரும்பாலும் கணக்குத் தவறுகள் அல்ல. எண்கள் சரியாகவே இருந்தும், அவற்றிலிருந்து எடுத்த பாடம் தவறாகிப் போன ஒரு ஸ்பிரிண்டை இங்கே விரித்துச் சொல்கிறேன்.

முதல் தவறு, மூடிய பணிகளை மட்டும் எடுப்பது. நான் பயன்படுத்திய வினவல் இதுதான்:

```
sprint = 12 AND statusCategory = Done
```

இதற்குப் பதினாறு பணிகள் வந்தன. அவற்றில் இரண்டு, ஒரே வேலையை இருமுறை பதிந்துவிட்டதால் திறந்த சில நிமிடங்களிலேயே மூடப்பட்டவை; யாரும் அவற்றைச் செய்யவில்லை என்பதால் கணக்கில் சேரக் கூடாது. மீதி பதினான்கு. ஆனால் முடியாமல் அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளப்பட்ட மூன்று பணிகள் இந்த வினவலில் வரவே வராது. எது தாமதப்படுத்தியது என்பது கேள்வியாக இருக்கும்போது, மிக அதிகமாகத் தாமதமானவற்றை வெளியே நிறுத்திவிட்டுப் பதில் தேடுவது பொருந்தாது. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு பணி அடுத்த ஸ்பிரிண்டுக்குப் போனாலும், பழைய ஸ்பிரிண்டின் பெயர் அதன் பதிவில் அப்படியே இருக்கும். ஆகவே இதே வினவலை ஒரு வாரம் கழித்து ஓட்டினால், அதற்குள் முடிந்துவிட்ட பணிகள் 12ஆம் ஸ்பிரிண்டிலேயே முடிந்தவை போலப் பட்டியலில் வந்து சேரும். ஸ்பிரிண்டை மூடும் அன்றே, மூடியவை மூடாதவை இரண்டையும் சேர்த்து எடுத்து வைத்துவிடுவது நல்லது.

இரண்டாவது தவறு சராசரி. பதினான்கு பணிகளும் தொடக்கம் முதல் மூடல் வரை எடுத்துக்கொண்ட வேலை நாட்களைக் கூட்டினால் 56. சராசரி 4 நாள். தொகுப்பின் முதல் வரியில் அதைத்தான் எழுதினேன். ஆனால் பட்டியலைப் பார்த்தால் ஒன்பது பணிகள் ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ முடிந்திருந்தன. மற்ற ஐந்தும் 7, 8, 8, 9, 10 நாட்கள் எடுத்திருந்தன. நான்கு நாளில் முடிந்த பணி ஒன்றுகூட இல்லை. நடந்ததோ இரண்டு விதமான வேலை; அதை ஒரே எண்ணாக்கியதும் எங்கே பிரிந்தது என்பது மறைந்துவிட்டது. எங்களைப் போன்ற சிறு அணிக்கு, நாட்களை ஏறுவரிசையில் எழுதிக் கண்ணால் பார்ப்பதே போதும்.

மூன்றாவது தவறுதான் எங்களை உண்மையிலேயே திசைதிருப்பியது. எந்த நிலையில் அதிக நாள் தேங்கியதோ, அந்த நிலைதான் காரணம் என்று கொள்வது அது. இதை ஒரு பணியை எடுத்துப் பார்த்தால்தான் விளங்கும். துறைமுகத்துத் தராசிலிருந்து எடை நேரடியாகச் செயலிக்குள் வர வேண்டும் என்பது அந்தப் பணி. அதன் வரலாறு இது; நான்காம் பதிவிலிருந்து இரண்டாம் வாரம் தொடங்குகிறது.

```
RMD-41
Mon 10:10  To Do -> In Progress
Tue 16:30  In Progress -> In Review
Thu 15:40  In Review -> Ready for Test
Tue 05:10  Ready for Test -> In Test
Tue 11:00  In Test -> In Progress
Wed 12:00  In Progress -> Ready for Test
Fri 17:40  Ready for Test -> Done
```

பத்து வேலை நாட்களில் இதன் மேல் கைபட்டது ஏறக்குறைய மூன்றரை நாள், மற்றதெல்லாம் காத்திருப்பு. நீண்ட பணிகள் எல்லாவற்றையும் இப்படிப் பிரித்துக் கூட்டியபோது, `Ready for Test` நிலையில்தான் நாட்கள் குவிந்திருந்தன. மூடும் நேரத்தில் பொறுப்பாளராகச் சோதனை செய்யும் தங்கையின் பெயரே எல்லாவற்றிலும் இருந்தது. ஆகவே "சோதனையில் தாமதம், வேகப்படுத்த வேண்டும்" என்று எழுதிவிட்டேன். கூட்டத்தில் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணே, படகே வராத அன்னைக்கு நான் எதை நிறுத்துப் பார்க்குறது?"

பாக் நீரிணையில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்கள்தான் கடலுக்குப் போகின்றன. மறுநாள் விடிகாலையில் கரை திரும்பும். தராசும் ஏலமும் நடக்கும் இடத்தில் சோதிக்க வேண்டிய எந்தப் பணிக்கும் செவ்வாய், வியாழன், ஞாயிறு ஆகிய மூன்று காலைகளே உண்டு. ஞாயிறு எங்களுக்கு விடுமுறை. இதை அறிந்துகொண்டு மேலுள்ள பதிவை மறுபடியும் படித்தால் கதை மாறிவிடுகிறது. குறியீட்டை இன்னொருவர் படித்துப் பார்க்கும் மறுஆய்வு, செவ்வாய் மாலையிலிருந்து வியாழன் பிற்பகல் வரை இழுத்தது. பணியின் கீழிருந்த குறிப்புகளைப் பார்த்தால், மறுஆய்வாளர் அதைத் திறந்ததே வியாழன் மதியத்துக்குப் பிறகுதான். அன்று காலை ஏலம் முடிந்து படகுகள் கழுவிவிடப்பட்டாயிற்று. அதனால் பணி அடுத்த செவ்வாய் விடிகாலை வரை கிடந்தது. மறுஆய்வு புதன் மாலைக்குள் முடிந்திருந்தால் வியாழன் காலையே சோதித்திருக்கலாம். இரண்டு நாள் காத்திருப்பு ஒன்று, தனக்குப் பின்னால் ஏறக்குறைய ஐந்து நாள் காத்திருப்பை உண்டாக்கியிருக்கிறது. நாட்கள் தேங்கிய இடம் சோதனை, தேக்கியது மறுஆய்வு. நிலைவாரியாகக் கூட்டும் எந்த அட்டவணையும் இதைக் காட்டாது, ஏனென்றால் பெரிய எண் விளைவின் மேலும் சிறிய எண் காரணத்தின் மேலும் விழுகிறது. ஒவ்வொரு நீண்ட காத்திருப்புக்கும் முன்னால் இருந்த நிலைமாற்றம் எந்தக் கிழமை, எந்த நேரத்தில் நடந்தது என்று பார்ப்பதே இதற்கு வழி.

அந்தப் பதிவின் கடைசி வரியையும் கவனிக்க வேண்டும். `In Test` நிலையைத் தொடாமலேயே பணி வெள்ளி மாலை மூடப்பட்டிருக்கிறது. தராசு அனுப்பிய தசம எண்ணைச் செயலி தவறாக வாசித்த பிழையை முதல் சோதனை கண்டுபிடித்தது. திருத்தம் புதன் நண்பகலில் தயாரானது. ஆனால் பலத்த காற்று எச்சரிக்கையால் அன்று மீன்துறை டோக்கன் கொடுக்கவில்லை, படகுகள் போகவில்லை, வியாழன் துறைமுகம் காலியாக இருந்தது. வெள்ளி மாலை, பலகையைச் சுத்தம் செய்யும் எண்ணத்தில் யாரோ பணியை இழுத்து மூடிவிட்டார்கள். இடையில் ஒரு நிலையைத் தாண்டிக் குதித்த மூடல்களும், ஸ்பிரிண்டின் கடைசி மணி நேரத்தில் கொத்தாக நடந்த மூடல்களும் முடிந்த நேரத்தைக் காட்டுவதில்லை. பலகையைத் துடைத்த நேரத்தையே காட்டுகின்றன. இவற்றைச் சராசரியில் கரைக்காமல், "சோதிக்காமல் மூடியது" என்று தனியே எழுத வேண்டும்.

நேரத்தைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. நீங்கள் ஏற்றுமதி செய்யும் கோப்பில் நேரங்கள் UTC-யில் இருந்தால், நம் நேரத்தைவிட ஐந்தரை மணி பின்னால் இருக்கும். பகல் வேலை மட்டும் செய்யும் அணிக்கு இதனால் தேதி மாறாது. துறைமுகத்தில் செவ்வாய் விடிகாலை 5:10-க்குத் தொடங்கும் சோதனையோ, கோப்பில் திங்கள் இரவு 23:40 என்று பதிவாகும். கிழமையை வைத்தே காரணம் தேடும்போது இந்த ஒரு நாள் பிசகு முழு ஆய்வையும் கெடுத்துவிடும்.

இனி, மெதுவான பணிகளை மட்டும் கூர்ந்து பார்ப்பது. நீண்ட ஐந்து பணிகளில் நான்குக்கும், முடியாத மூன்று பணிகளுக்கும் துறைமுகச் சோதனை தேவைப்பட்டது. (ஐந்தாவது நீண்ட பணி, கமிஷன் கணக்கு பற்றி வாடிக்கையாளர் தரப்பின் பதிலுக்காகக் கிடந்தது, அது வேறு கதை.) இங்கேயே நிறுத்தியிருந்தால், துறைமுகச் சோதனை தேவைப்படும் பணிகள் தாமதமாகும் என்ற முடிவுக்கு வந்திருப்போம்; அது பாதி உண்மை. வேகமாக முடிந்த ஒன்பதையும் புரட்டியபோது, அவற்றிலும் ஒன்று துறைமுகத்தில் சோதிக்கப்பட்டிருந்தது: ரசீது அச்சடிக்கும் சிறு திருத்தம். அது முதல் வாரப் புதன் மாலையே மறுஆய்வு முடிந்து, வியாழன் காலை சோதிக்கப்பட்டு, இரண்டே நாளில் மூடப்பட்டது. அதே துறைமுகம், அதே சோதனையாளர், அதே தராசு. வேறுபட்டது தயாரான நேரம் மட்டும்தான். இந்த ஒரு பணி இல்லாமல், கிழமைதான் காரணம் என்று சொல்ல எனக்குத் துணிவு வந்திருக்காது.

பாடத்தை எழுதும் விதத்திலும் தவறு நேர்கிறது. "ஒருங்கிணைப்பை மேம்படுத்துவோம்" என்பது போன்ற வரி நிறைவேறியதா என்று யாராலும் சொல்ல முடியாது. என் பழைய வரியை நீக்கிவிட்டு எழுதியது இது: "துறைமுகச் சோதனை தேவைப்பட்ட எட்டுப் பணிகளில் ஒன்று மட்டுமே முதல் வாரப் புதன் மாலைக்குள் தயாரானது. அடுத்த ஸ்பிரிண்டில் இத்தகைய பணிகளை முதல் திங்களன்றே எடுப்போம். அவற்றின் மறுஆய்வை அன்றாட வேலையில் முதலாவதாக வைப்போம். புதன் மாலைக்குள் எத்தனை தயாராயின என்று எண்ணுவோம்." இதில் சான்று இருக்கிறது, மாற்றம் இருக்கிறது, அடுத்த முறை எண்ணிப் பார்க்க ஓர் எண்ணும் இருக்கிறது. காற்றால் போன வியாழனை இந்தப் பாடத்தில் சேர்க்கவில்லை. அது நம் கையில் இல்லை. திட்டமிடும்போது நான்கு சோதனைக் காலைகளை நம்பாமல் மூன்றை மட்டும் கணக்கில் வைப்பதே அதற்குச் செய்யக்கூடியது.

எட்டுப் பணிகள் என்பது சிறிய எண்ணிக்கை; ஒரே ஸ்பிரிண்ட். அதோடு, `In Progress` என்று பதிவில் நிற்கும் நேரமெல்லாம் யாரோ உண்மையில் வேலை செய்த நேரம் என்பதற்கும் உறுதி இல்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே தொகுப்பை அனுப்பும் முன், நீண்ட பணிகளைச் செய்தவர்களிடம் பதிவைக் காட்டி, இந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று விசாரிக்கிறேன். மறுஆய்வாளரிடம் அப்படிக் கேட்டபோதுதான், அந்தச் செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவர் பழைய பதிப்பில் ரசீது அச்சாகாத அவசரச் சிக்கலைத் தீர்த்துக்கொண்டிருந்தார் என்பதும், அந்த வேலைக்கு ஜிராவில் பணியே திறக்கப்படவில்லை என்பதும் தெரிந்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதே இல்லை. அந்த மாதங்களின் ஸ்பிரிண்டுகளை நாங்கள் மற்றவற்றோடு ஒப்பிடுவதில்லை. அவற்றில் துறைமுகச் சோதனை தேவைப்படும் பணிகளையும் எடுப்பதில்லை.