ஆச்சியின் வெள்ளைப் புடவையும் ஒட்டிய கண்டாங்கியும்: விசா படத்தில் உடையை ஏன் மாற்றக் கூடாது

காரைக்குடியில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. மகனோ மகளோ வெளிநாட்டில் இருப்பார்கள். ஆச்சி விசாவுக்குப் படம் எடுக்க வருவார். உடுத்தியிருப்பது வெள்ளைப் புடவை, கேட்கப்படும் பின்னணியும் வெள்ளை. எடுத்துப் பார்த்தால் தோள் எங்கே முடிகிறது, திரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. உடனே கணினியில் இன்னொருவரின் புடவையை எடுத்து ஒட்டிவிடுவார்கள். செட்டியார்களின் வெள்ளைச் சட்டைக்குப் பதில் நீலக் கோட்டும் டையும் ஏறுவதும் இப்படித்தான். நானும் பல ஆண்டுகள் அதைச் செய்தேன். தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் அதே பழக்கத்தைக் கற்றுக்கொள்ளக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவருக்கு அரக்கு நிறக் கண்டாங்கிப் புடவையை ஒட்டிக் கொடுத்தேன். அவருடைய மகளுக்கே வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் படம் கணினியில் மாற்றப்பட்டது என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. "தம்பி, நான் உடுத்தாத புடவையை எனக்கு எதற்கு உடுத்தினாய்?" என்று ஆச்சி கேட்டார். அன்று இரவு அந்தக் கோப்பை நான்கு மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு பார்த்தேன்.

முதலில் கண்ணில் பட்டது தாடைக்குக் கீழே இருந்த வெளிச்சம். வெள்ளைத் துணி ஒளியை மேலே திருப்பி அனுப்பும். அதனால் வெள்ளைப் புடவை உடுத்தியவரின் தாடைக்கு அடியில் நிழல் மெல்லியதாக இருக்கும். அரக்குத் துணி ஒளியை விழுங்கிவிடும். உண்மையாகவே அதை உடுத்தியிருந்தால் தாடையின் கீழ் நிழல் அடர்ந்து, கழுத்தில் லேசான சிவப்புச் சாயலும் ஏறியிருக்கும். என் படத்தில் துணி அரக்கு, கழுத்தின் வெளிச்சமோ வெள்ளைத் துணியுடையது.

அடுத்தது கழுத்து. புடவையைப் பொருத்துவதற்காகக் கழுத்தின் இரு பக்கமும் கொஞ்சம் தோலை அழித்திருந்தேன். காதோரம் இருந்த நரைமுடி இழைகள் சில அதோடு போய்விட்டன. சங்கிலி தோலில் பதிந்திருந்த இடத்தில் அதன் நிழல் இல்லை. முகத்தைத் தொடவே இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்; தாடையின் கீழ்க்கோடு மாறியிருந்ததை அன்றுதான் கவனித்தேன். மூன்றாவதாக, முகத்தில் கேமராவின் நுண்ணிய புள்ளிகள் இருந்தன. வேறொரு நாள், வேறு வெளிச்சத்தில் எடுத்த புடவைப் பகுதியோ வழவழவென்று இருந்தது.

ஆச்சியின் படத்தை நிராகரித்தவர் இவற்றில் எதைக் கண்டார் என்பது முக்கியமில்லை. படம் இயல்பாக இருக்கிறதா என்பது அங்கே கேள்வியே அல்ல. அமெரிக்க விசா விதி படத்தில் கணினி மாற்றம் கூடாது என்கிறது. படம் கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்ததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஐந்தாண்டுக்கு முந்தைய படத்தைப் புதியதுபோல் காட்ட எளிய வழி, முகத்தை அப்படியே விட்டு உடையை மட்டும் மாற்றுவது. ஆகவே ஒட்டிய உடையைக் கண்டதும், இது பழைய படமோ, முகத்திலும் கை வைத்திருப்பார்களோ என்ற ஐயம் நியாயமாகவே எழும். நாம் அழகுக்காகத்தான் செய்தோம் என்பதைப் படம் சொல்லாது.

இனி செய்முறை.

1. உடையைப் படம் எடுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். தொலைபேசியில் நேரம் சொல்லும்போதே, அரக்கு, கருநீலம், கரும்பச்சை போன்ற அடர்நிறத்தில் உடுத்தி வரச் சொல்லுங்கள். ஆண்களுக்காக இரண்டு மூன்று அளவுகளில் அடர்நிறச் சட்டைகளையும் ஓர் உண்மையான கோட்டையும் ஸ்டூடியோவில் மாட்டி வையுங்கள். இரவல் கோட்டைப் போட்டுக்கொண்டு எடுத்த படம் மாற்றிய படம் ஆகாது; கேமராவின் முன் இருந்ததுதான் படத்தில் இருக்கிறது. சீருடை போன்ற உடையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். அமெரிக்க விசா படத்தில் 2016 நவம்பர் முதல் அதற்கு இடமில்லை.

2. வெள்ளைதான் உடுத்துவேன் என்றால், வெளிச்சத்தால் பிரித்துக் காட்டுங்கள். பல ஆச்சிகள் வேறு நிறம் உடுத்த மாட்டார்கள். அதை மதிக்க வேண்டும். அவரைத் திரையிலிருந்து நான்கைந்து அடி முன்னால் உட்கார வையுங்கள். திரைக்குத் தனி விளக்கு வைத்து, அது உடையைவிடச் சற்றே கூடுதல் வெளிச்சத்தில் இருக்கும்படி செய்யுங்கள். முகத்துக்கான பெரிய, மென்மையான விளக்கை நேர் எதிரிலிருந்து கொஞ்சம் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள். முகத்தில் ஒரு பக்கம் இருண்டுவிடாத அளவுக்கு நகர்த்தினால் போதும். புடவை மடிப்புகளில் மெல்லிய சாம்பல் நிழல் விழுந்து தோள்கோடு தெரியத் தொடங்கும். கேமராவின் வெளிச்ச அளவை அரைப்படி குறைத்தும் ஒன்று எடுத்துப் பாருங்கள். வெள்ளை வெளுத்துப் போகாமல் துணியின் இழை தெரிந்தால் சரியாக வந்திருக்கிறது.

3. வீட்டுக்குப் போய் எடுப்பதானால் தரையையும் சுவரையும் பாருங்கள். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டின் உள்முற்றமான வளவிலேயே எடுப்போம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வெயிலில் தன் சிவப்பையும் பச்சையையும் தாடைக்குக் கீழே பூசிவிடும். அந்த நிறம் உடையோடு பொருந்தாமல், ஒட்டாத படத்தையே ஒட்டியதுபோல் காட்டும். காலடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்தால் தீர்ந்தது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பழைய சுண்ணாம்புச் சுவர் பளபளப்பில் ஃபிளாஷை அப்படியே திருப்பி அடிக்கும். அதைப் பின்னணியாக நம்பாமல், சுருக்கமில்லாத வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

4. கணினியில் வெட்டி அளவு சரிசெய்வதோடு நிறுத்துங்கள். அமெரிக்க விசாவுக்கு 51 × 51 மில்லிமீட்டர். தாடையிலிருந்து உச்சந்தலை வரை 25 முதல் 35 மில்லிமீட்டர். இணையத்தில் ஏற்றுவதற்கு 600 முதல் 1200 பிக்சல் வரையிலான சதுரம், 240 கேபிக்குள். வேறு நாடு என்றால் அதன் அளவைத் தனியாகப் பாருங்கள். தோலை மெருகேற்றுவது, பின்னணியை வெட்டி வெள்ளை நிரப்புவது ஆகியவையும் உடை மாற்றத்தின் உறவினர்களே. கேமராவிலிருந்து வந்த மூலக்கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள்.

5. வாடிக்கையாளர் பென்டிரைவில் கொண்டுவரும் படத்தைச் சோதித்த பிறகே பிரிண்ட் போடுங்கள். 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, கழுத்தும் உடையும் சேரும் இடம், காதோர முடி, தாடை நிழல், முகத்துக்கும் துணிக்கும் உள்ள புள்ளி வேறுபாடு ஆகிய நான்கையும் பாருங்கள். எந்த மென்பொருள் தொட்டது, படம் எந்த நாளுடையது என்று அறிய, படக்கோப்பில் பதிந்துள்ள விவரங்களைக் காட்டும் exiftool என்ற நிரலில் இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
exiftool -Software -CreateDate padam.jpg
```

வெறுமனே அளவு வெட்டினாலும் மென்பொருளின் பெயர் பதிவாகலாம் என்பதால், இது மட்டுமே சான்றாகிவிடாது. அந்தப் பெயரை அழித்தாலும் பயனில்லை. ஒட்டிய தடம் படத்தின் புள்ளிகளிலேயே இருக்கும். முதலில் 'CreateDate' காட்டும் நாளைப் பாருங்கள், அது ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் மற்றவற்றைப் பார்க்கவே வேண்டாம்.

6. திரும்பி வந்துவிட்டால் புதிதாக எடுங்கள். ஓரங்களை இன்னும் நேர்த்தியாக்கி அதே படத்தை அனுப்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே ஐயத்துக்கு உள்ளான முகம் அதே கோணத்தில், அதே பார்வையோடு மறுபடியும் போய் நிற்கும்.

ஆச்சியின் வீட்டுக்குக் கேமராவோடு போனேன். காசு வாங்கவில்லை. அதே வெள்ளைப் புடவையில், வளவுத் தூணருகே நாற்காலி போட்டு, திரையை ஐந்தடி பின்னால் கட்டி, தரையில் வேட்டி விரித்து எடுத்தேன். பதினோராவது படத்தில் இடது தோளின் மடிப்பு தெளிவாக விழுந்தது. அந்தப் படம் ஏற்கப்பட்டது.