ஓவர்டைம் சேர்ந்ததும் நஷ்டஈடு கூடியது

சிங்கப்பூரில் ஃபேப்ரிகேஷன் வேலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. மருத்துவர் நிரந்தர இயலாமை 10 சதவீதம் என்றார். காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய கணக்கில் என் மாதச் சம்பளம் 700 வெள்ளி என்றிருந்தது.

அங்குதான் தவறு. வேலைக் காயச் சட்டப்படி, விபத்துக்கு முந்தைய 12 மாத வருமானத்தின் சராசரியை எடுக்க வேண்டும். ஓவர்டைமும் அதில் சேரும். என் சராசரி 1,250 வெள்ளி. சம்பளச் சீட்டுகளை மாதாமாதம் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், அதுவே கைகொடுத்தது. கெடு முடிவதற்குள் மனிதவள அமைச்சில் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன்.

சராசரி மாத வருமானத்தை வயதுக்கேற்ற பெருக்குத்தொகையாலும் இயலாமை சதவீதத்தாலும் பெருக்கினால் நஷ்டஈடு வரும். நாற்பது வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெருக்குத்தொகை 181. 700 என்றால் 12,670 வெள்ளிதான். 1,250 என்றதும் 22,625. விரல் அதேதான், சதவீதமும் அதேதான்.

ஊரில் மாற்றுத்திறனாளி சலுகைகள் பலவற்றுக்கு 40 சதவீதம் கேட்பார்கள். எனக்கு அது எட்டாது. அதனால் அந்தப் பணத்தில் புதுக்கோட்டையில் கிரில் பட்டறை போட்டேன். அளவெடுப்பதும் விலை பேசுவதும் நான். வெல்டிங் என் அக்கா மகன்.