குழந்தையின் திரை நேரம்: எந்த நிமிடங்களை முதலில் வெட்டுவது?

இரண்டு வயது வரை வீடியோ அழைப்பு தவிர திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரம் போதும் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதும் ஏறக்குறைய இதுவே.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். குழந்தைக்கு இரண்டேகால் வயது. பெரியவர்களுக்காக இரண்டு மணி நேரம் டிவி ஓடுகிறது. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் தலா 20 நிமிடம் போன். மாலையில் 40 நிமிடம் பாட்டு வீடியோ. மொத்தம் 3 மணி 40 நிமிடம். பலரும் மாலை 40 நிமிடத்தில்தான் கை வைக்கிறார்கள். அதைக் கடைசியாகத் தொடுங்கள்.

1. சும்மா ஓடும் டிவியை அணையுங்கள்

குழந்தை அதைப் பார்ப்பதில்லையே என்று தோன்றும். 2009இல் அமெரிக்காவில் குழந்தைகளின் உடையில் சிறு ஒலிப்பதிவுக் கருவி வைத்துப் பார்த்தார்கள். டிவி சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்ட சொற்கள் சுமார் 770 குறைந்தன. நம் உதாரண வீட்டுக்குக் கணக்குப் போட்டால் நாளுக்கு 1,500 சொல். டிவி பேசினால் வீட்டில் மற்றவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள், காரணம் அவ்வளவுதான். சீரியலைக் குழந்தை தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

2. சாப்பாட்டு போன்

மூன்று வேளையையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். குழந்தைக்கு நன்றாகப் பசிக்கும் வேளை எதுவோ அதில் தொடங்குங்கள். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து பாலும் பிஸ்கட்டும் கிடையாது. ஊட்டுபவரின் போனும் அடுத்த அறையில் இருக்கட்டும். இட்லித் துண்டையோ பருப்புச் சாதத்தையோ குழந்தையே எடுக்கும்படி தட்டில் வையுங்கள். அரை மணி நேரம் ஆனதும், மீதி இருந்தாலும், தட்டை எடுத்துவிடுங்கள்.

முதல் சில நாள் குறைவாகத்தான் சாப்பிடும். அந்தப் பயத்தில் மூன்றாம் நாள் போனைக் கொடுத்தால், எவ்வளவு நேரம் அழுதால் போன் வரும் என்பதைக் குழந்தை கற்றுக்கொண்டுவிடும். எடை குறைந்தாலோ, கட்டியான உணவை விழுங்கத் திணறினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

3. மிச்சமிருக்கும் 40 நிமிடத்தை முடிப்பது

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இது. "இன்னும் ரெண்டு நிமிஷம்தான்" என்று முன்கூட்டிச் சொல்வது நல்ல பழக்கமாகத் தெரியும். ஆனால் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் குடும்பங்களின் நாட்குறிப்புகளைப் பார்த்தபோது, அந்த எச்சரிக்கை கொடுத்த நாட்களில்தான் அழுகை கூடியிருந்தது. நிகழ்ச்சி தானாக முடிந்தாலோ, அது அன்றாட ஒழுங்கின் ஒரு பகுதியாக இருந்தாலோ குழந்தைகள் எளிதாக விலகினார்கள்.

அதனால் நிமிடம் எண்ணாமல் கதை எண்ணுங்கள். ஏழெட்டு நிமிடக் கதைகள் இரண்டோ மூன்றோ முன்பே தேர்ந்து வையுங்கள். `Autoplay` கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். அடுத்த வீடியோ ஒரு நொடி தெரிந்துவிட்டாலும் மொத்தமும் வீண். `YouTube Kids` செயலியில் பூட்டுச் சின்னத்தைத் தொட்டால் `Timer` இருக்கிறது. ஆனால் அது கதையின் நடுவிலும் நின்றுவிடும், எனவே காவலுக்கு மட்டும் வையுங்கள். போனைவிட டிவி நல்லது: கையிலிருந்து பிடுங்க வேண்டியதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து "மாடு எங்கே போச்சு?" என்று கேட்கவும் முடியும். கதை முடிந்ததும் தினமும் ஒரே வேலை, குளியலோ மொட்டை மாடியோ.

கவனச் சிதறல் வருமா?

இங்கே ஆதாரம், மேலே பார்த்த பேச்சு பற்றிய ஆதாரத்தைவிடப் பலவீனம். சிறு வயதில் டிவி பார்த்தவர்களுக்கு ஏழு வயதில் கவனக் குறைபாடு கூடுகிறது என்று 2004இல் ஓர் ஆய்வு வந்தது. அதே தரவை மற்றவர்கள் மறுபடி அலசியபோது அந்தத் தொடர்பு பெரும்பாலும் நிற்கவில்லை. பின்னணியில் ஓடும் டிவி குழந்தையின் விளையாட்டைத் துண்டு துண்டாக்குகிறது என்பது மட்டும் 2008இல் நேரடிச் சோதனையில் தெரிந்தது. குழந்தைகள் டிவியைப் பார்த்தது ஒவ்வொரு முறையும் சில நொடிதான். ஆனால் ஒரே பொம்மையோடு இருக்கும் நேரம் குறைந்தது.

பின்சேர்க்கை

"வீடியோ பார்த்துத்தான் ஏ, பி, சி சொல்கிறான், அது மொழி இல்லையா?" என்று பலர் கேட்டார்கள். சோதிக்க எளிய வழி உண்டு. வீடியோவில் கற்ற சொல்லைத் தனக்கு வேண்டியதைக் கேட்கவோ, தெருவில் கண்டதைக் காட்டவோ குழந்தை பயன்படுத்துகிறதா என்று பாருங்கள். 2010இல் ஒரு வயதுக் குழந்தைகளுக்கு நான்கு வாரம் சொல் கற்பிக்கும் வீடியோ காட்டிய சோதனையில், பார்க்காத குழந்தைகளைவிட அவர்கள் அதிகம் கற்கவில்லை. வீடியோ இல்லாமல் பெற்றோரே சொல்லித்தந்த குழந்தைகள்தான் முன்னே நின்றார்கள்.

இரண்டு வயது முடிந்தும் "பால் வேணும்" போல இரு சொல் சேர்த்துப் பேசாவிட்டால், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிட்டால், போன்தான் காரணம் என்று காத்திருக்காதீர்கள். முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள்.