கைரேகையில் தீவு, சங்கிலி, முறிவு, நட்சத்திரம்: குறியைக் கண்டதும் பலன் சொல்லாமல் எடை போடுவது எப்படி?

கைரேகை கற்க ஆரம்பித்த புதிதில் என் உள்ளங்கையை மையில் தோய்த்துக் காகிதத்தில் பதித்தேன். புத்தி ரேகையின் நடுவில் பளிச்சென்று ஒரு இடைவெளி. முறிவு என்று முடிவு செய்து, பல வாரங்கள் மனம் கனத்துத் திரிந்தேன். அது முறிவே இல்லை. எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். ஆயுள், புத்தி, இருதய ரேகைகளும் மேடுகளும் எங்கே இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: குறி நிஜம்தானா?

கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடையுங்கள். சிறிய டார்ச் ஒன்றை உள்ளங்கைக்குப் பக்கவாட்டில், தாழ்வாகப் பிடியுங்கள். வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் ரேகையின் ஆழம் நிழலாகத் தெரியும். நேர் மேலிருந்து ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவை நான் நம்புவதில்லை, மெல்லிய கோடுகளை அது விழுங்கிவிடும். பூதக்கண்ணாடி மூன்று மடங்கு பெரிதாக்கினால் போதும். பத்து மடங்கு கண்ணாடியில் தோலின் இயல்பான வரிகளெல்லாம் தீவு போலத் தெரியும்.

இனி என்னைத் தடுக்கிவிட்ட இடம். உள்ளங்கையின் நடு குழிவானது. தட்டையான மேஜையில் காகிதம் வைத்து அழுத்தினால் அந்தக் குழி காகிதத்தைத் தொடாது, அங்கே மை ஒட்டாது. புத்தி ரேகையும், நடுவிரலை நோக்கி மேலே ஏறும் விதி ரேகையும் அந்தக் குழி வழியாகத்தான் போகின்றன. அதனால் பதிவில் அவை அறுந்தது போலக் காட்டும். காகிதத்தை ஒரு உருண்டையான பாட்டிலில் சுற்றி, மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை கையை அதன் மேல் உருட்டினேன். குழியும் பதிந்தது, "முறிவு" காணாமல் போனது. பதிவில் தெரியும் எந்த முறிவையும் நேரில் கையைப் பார்த்து உறுதி செய்யாமல் ஏற்காதீர்கள். பழைய காயத்தின் தழும்பும் ரேகையை வெட்டியது போலத் தெரியும். அதைக் கையின் சொந்தக்காரரிடம் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாம் படி: வாய்க்காலாக நினைத்துப் பாருங்கள்

ரேகை பார்ப்பவர்கள் ரேகையைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலாகக் கொள்கிறார்கள். இது பிடிபட்டால் பலன்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தீவு என்பது வாய்க்கால் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும் இடம். அந்த நீளத்துக்கு மட்டும் ஓட்டம் மெலிகிறது. அதைத் தாண்டிய பிறகு ரேகை பழைய ஆழத்துக்கு வந்தால், தளர்ச்சி வந்து போனது என்று படிப்பார்கள். தீவுக்குப் பின்னும் ரேகை மெலிந்தே போனால்தான் அந்தக் குறிக்குக் கனம் அதிகம். ஆகவே குறியைவிட, குறிக்கு அடுத்த ஒரு சென்டிமீட்டரைக் கவனமாகப் பாருங்கள்.

சங்கிலி என்பது தீவுகள் வரிசையாகக் கோத்துக்கொண்ட ரேகை. இதில் எல்லா இடமும் ஒன்றல்ல. ஆயுள் ரேகையும் புத்தி ரேகையும் சேர்ந்து தொடங்கும் இடத்திலும், இருதய ரேகையின் ஆரம்பத்திலும் சங்கிலி இருப்பது மிகச் சாதாரணம், அதற்குக் குறைந்த எடையே கொடுப்பார்கள். புத்தி ரேகை முழுவதும் சங்கிலியாக ஓடினால்தான் மனம் ஒன்றில் நிலைக்காது என்று சொல்வார்கள்.

உடல் குறிகளைப் பார்த்துப் பலன் சொல்லும் சாமுத்திரிகத்தில் இதே தீவு வடிவத்துக்கு யவம் என்று பெயர், அதாவது வாற்கோதுமை மணி. கட்டைவிரல் கணுவில் இருந்தால் அது நற்குறி. ஒரே வடிவம், இடம் மாறினால் பலனும் மாறுகிறது. குறியை மட்டும் பார்த்துப் பலன் சொல்லக் கூடாது என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்கவில்லை.

மூன்றாம் படி: ஒரு கையை வைத்துப் பார்ப்போம்

என் தோழி ஒருத்தி, வலது கைப் பழக்கம் உள்ளவள், பயந்துபோய் வந்தாள். வலது கையின் ஆயுள் ரேகை பாதி வழியில் முறிந்திருக்கிறது, சூரிய மேட்டில் நட்சத்திரமும் இருக்கிறது என்றாள்.

முறிவை முதலில் பார்த்தேன். நேரிலும் அது இருந்தது. ஆனால் பழைய ரேகை நிற்பதற்கு முன்பே, அதற்கு வெளிப்பக்கம், அதாவது சந்திர மேட்டின் பக்கமாக, புதிய ரேகை ஒன்று தொடங்கிவிட்டது. இரண்டும் சில மில்லிமீட்டர் தூரம் பக்கத்தில் பக்கமாக ஓடுகின்றன. இப்படி மேற்படிந்த முறிவை வாழ்க்கை தடம் மாறுவதாகவே படிப்பார்கள், அறுந்ததாக அல்ல. புதிய ரேகை வெளியே விலகினால் வாழ்க்கை விரிகிறது என்றும், கட்டைவிரல் பக்கம் உள்ளே ஒதுங்கினால் சுருங்குகிறது என்றும் சொல்வார்கள்.

அடுத்து இடது கை. அங்கே அதே இடத்தில் முறிவு இல்லை, மெல்லிய தீவு ஒன்றுதான். பழக்கக் கை நடப்பையும் மற்றக் கை பிறவி இயல்பையும் காட்டும் என்பது நான் பின்பற்றும் முறை. ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது என்று பார்ப்பவர்களும் உண்டு. எந்த முறையானாலும், இரு கையிலும் ஒரே இடத்தில், மேற்படியாமல், சுற்றிச் சதுரமோ உள்ளே துணை ரேகையோ இல்லாமல் முறிந்திருந்தால்தான் அதற்கு முழு எடை. இவளுக்கு அப்படி இல்லை.

அப்புறம் நட்சத்திரம். ஒரே புள்ளியிலிருந்து குறைந்தது ஐந்து கிளைகளாவது தெறித்தது போல இருக்க வேண்டும் என்று நான் வைத்துக்கொள்கிறேன். விரல்களை நன்றாக நீட்டச் சொன்னேன். ஒரு கோடு மறைந்துவிட்டது, அது தோல் மடிப்பு. மீதி இருந்தவை மேலே போகும் சூரிய ரேகையும் விரல்களுக்குக் கீழே வளைவாக ஓடும் சுக்கிர வளையத்திலிருந்து குறுக்கே வந்த துண்டும். வழியில் குறுக்கிட்ட இரண்டு கோடுகள் நட்சத்திரம் ஆகாது. நிஜமாக இருந்திருந்தால், சூரிய மேட்டில் அதைப் புகழ் என்றும், ரேகையின் மேலே இருந்தால் திடீர் அதிர்ச்சி என்றும் படித்திருப்பார்கள்.

நான்காம் படி: கையில் எத்தனை கோடுகள்?

கை முழுக்க மெல்லிய கோடுகள் வலைபோல ஓடும் கையில் ஒரு தீவுக்குப் பெரிய எடை இல்லை, அங்கே எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். நாலைந்து ஆழமான ரேகைகள் மட்டும் உள்ள கையில் அதே தீவு தனியாக நின்று பேசும்.

பிறகு சேர்த்தது: குறி எந்த வயதில் பலிக்கும் என்று பலர் கேட்டிருந்தார்கள். ஆயுள் ரேகையை 70 வருடமாகப் பிரிப்பவர்களும் 100 வருடமாகப் பிரிப்பவர்களும் இருக்கிறார்கள். நடுப்புள்ளி ஒருவருக்கு 35, இன்னொருவருக்கு 50. அதனால் நான் "முற்பாதி, பிற்பாதி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆயுள் ரேகை குட்டையாக இருக்கிறதே என்று ஒருவர் கலங்கி எழுதியிருந்தார். முக்கிய ரேகைகள் கருவில் மூன்றாம் மாதத்தை ஒட்டியே உருவாகிவிடுகின்றன. அவற்றின் நீளத்துக்கும் ஆயுளுக்கும் தொடர்பு இருப்பதாக மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. தேர்ந்த ரேகை பார்ப்பவர்களும் அந்த ரேகையில் உடல் வலுவைத்தான் படிப்பார்கள், மரண நாளை அல்ல. உடம்புக்கு ஏதாவது தொந்தரவு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கையைப் பார்க்கும்போது ரேகை நிற்கும் இடத்தில் சாய்வான வெளிச்சம் விழச் செய்து மறுபடி பாருங்கள். அங்கிருந்து மெல்லிய தொடர்ச்சி ஒன்று மணிக்கட்டு நோக்கி இறங்குவதைப் பல கைகளில் நானே பார்த்திருக்கிறேன்.