பூனை, பால், அப்பா: டைப்-டோக்கன் விகிதத்தில் எங்கே சறுக்குகிறோம்

நாலு வயதுப் பிள்ளை ஒன்று கதை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். கதையை நான்தான் கட்டினேன், கணக்குக்காக.

"பூனை வந்துச்சு. பூனை பால் குடிச்சுச்சு. அப்பா வந்தாங்க. பூனை வெளியே ஓடிப்போச்சு."

இதில் மொத்தம் 10 சொற்கள். பூனை மூன்று முறை வருகிறது, அதை ஒன்றாகக் கொண்டால் வெவ்வேறு சொற்கள் 8. வந்து விழுந்த ஒவ்வொரு சொல்லும் ஒரு டோக்கன். வெவ்வேறான சொல் ஒவ்வொன்றும் ஒரு டைப். 8-ஐ 10-ஆல் வகுத்தால் 0.8. சொல்வளத்தை அளக்கப் பயன்படுத்தும் டைப்-டோக்கன் விகிதம் இதுதான். பிள்ளை கதையைத் தொடர்கிறது:

"அப்பா வெளியே போனாங்க. பூனை மறுபடி வந்துச்சு. பூனை மறுபடி பால் குடிச்சுச்சு."

இதிலும் 10 டோக்கன், 8 டைப். மறுபடியும் 0.8. இப்போது இரண்டையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். டோக்கன் 20 ஆகிவிட்டது. டைப்போ 10தான், ஏனென்றால் இரண்டாம் பாதியில் புதிதாக வந்தவை "போனாங்க", "மறுபடி" என்ற இரண்டே. விகிதம் 0.5.

முதல் பாதி 0.8, இரண்டாம் பாதி 0.8, முழுக்கதை 0.5. பிள்ளையின் சொல்வளம் ஒரு நிமிடத்தில் வற்றிவிடவில்லை. பேச்சு நீண்டது, அவ்வளவுதான். டோக்கன் எண்ணிக்கை சொல்லுக்குச் சொல் ஏறிக்கொண்டே போகும். டைப் எண்ணிக்கை, பழைய சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால், போகப்போக மெதுவாகத்தான் ஏறும். ஆகவே எந்த எழுத்தாளரை எடுத்தாலும், எந்த மொழியில் எடுத்தாலும், உரை நீள நீள இந்த விகிதம் சரியும். 500 சொல் கட்டுரையையும் 5,000 சொல் சிறுகதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "கட்டுரையில்தான் சொல்வளம் அதிகம்" என்று எழுதுபவர், கட்டுரை குட்டையானது என்ற செய்தியைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறார்.

இந்தத் தவறு பலருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் விழும் குழிதான் சுவாரசியமானது.

எதைச் சமமாக்குகிறோம்?

மில்ட்ரெட் டெம்ப்ளின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 3 முதல் 8 வயது வரையிலான 480 குழந்தைகளின் பேச்சைப் பதிவுசெய்து 1957-இல் வெளியிட்டார். எல்லோரையும் ஒரே அளவுகோலில் வைக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு குழந்தையிடமிருந்தும் 50 கூற்றுகளை எடுத்தார். நியாயமான ஏற்பாடாகத்தான் தெரிகிறது. ஆனால் டைப்-டோக்கன் விகிதத்தைப் போட்டுப் பார்த்தால் 3 வயதிலும் ஏறத்தாழ 0.45, 8 வயதிலும் ஏறத்தாழ 0.45. ஐந்து ஆண்டுகளில் பிள்ளையின் சொல்வளம் வளரவே இல்லையா? இந்த எண்ணை இயல்பான குழந்தையின் அளவுகோலாகவே கொண்டு, பேச்சு வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளை அதோடு ஒப்பிடும் பழக்கமும் வந்துவிட்டது.

கோளாறு எங்கே என்றால், 50 கூற்று என்பது 50 கூற்றுதான். சொல் எண்ணிக்கை அல்ல. 3 வயதுக் குழந்தையின் கூற்று நாலு சொல்லோடு முடியும். அந்த 50 கூற்றுகளில் ஏறக்குறைய 205 டோக்கன் இருந்தன. 8 வயதுப் பிள்ளை நீட்டிப் பேசும். அதே 50 கூற்றுகளில் 370-க்கும் மேல். பெரிய பிள்ளைக்குச் சொற்கள் அதிகம் தெரியும், அது விகிதத்தை மேலே தள்ளுகிறது. பெரிய பிள்ளை அதிகம் பேசுகிறது, அது விகிதத்தைக் கீழே இழுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு 0.45-இல் வந்து நிற்கின்றன. பிரையன் ரிச்சர்ட்ஸ் 1987-இல் இந்த விகிதம் உண்மையில் எதைச் சொல்கிறது என்று கேட்டு எழுதிய கட்டுரை இந்தப் பொறியைத்தான் அவிழ்த்துக் காட்டியது.

இன்றும் இதே தவறு வேறு உருவத்தில் வருகிறது. ஆளுக்கு ஒரு பக்கம், ஆளுக்குப் பத்து நிமிடப் பேச்சு, ஆளுக்கு ஐந்து பதில் என்று சமப்படுத்துவார்கள். சமமாக வேண்டியது டோக்கன் எண்ணிக்கை ஒன்றுதான். மற்றதெல்லாம் சமம் போலத் தோற்றம் காட்டுபவை.

வர்க்கமூலம் போட்டால் தீருமா?

அடுத்த குழி சூத்திரம். டைப் எண்ணிக்கை V-ஐ டோக்கன் எண்ணிக்கை N-ஆல் வகுப்பதற்குப் பதிலாக √N-ஆல் வகுப்பது கிரோ என்பவரின் வழி. டைப் எண்ணிக்கையின் மடக்கையை டோக்கன் எண்ணிக்கையின் மடக்கையால் வகுப்பது ஹெர்டான் வழி. "நீளத்தைச் சரிசெய்த அளவு" என்ற பெயரில் இவை நிறைய ஆய்வேடுகளில் உலவுகின்றன.

சோதித்துப் பார்க்கலாம். ஒரு கற்பனை எழுத்தாளர். அவர் எவ்வளவு எழுதினாலும் டைப் எண்ணிக்கை ஒரே வளைகோட்டில், `V = 3 × N^0.7` என்று வளர்கிறது. அதாவது பழக்கம் மாறவே இல்லை, நீளம் மட்டும் மாறுகிறது.

| N | V | V/N | V/√N | log V / log N |
|---|---|---|---|---|
| 100 | 75 | 0.75 | 7.5 | 0.94 |
| 1000 | 378 | 0.38 | 11.9 | 0.86 |
| 10000 | 1893 | 0.19 | 18.9 | 0.82 |

சாதாரண விகிதம் கீழே போகிறது. கிரோவின் அளவு அதைத் தாண்டி எதிர்த்திசையில் ஓடுகிறது: இப்போது நீளமாக எழுதியவர் சொல்வளம் மிக்கவர் ஆகிவிடுகிறார். மடக்கை அளவு மெதுவாகச் சரிகிறது, ஆனாலும் சரிகிறது. வளைகோட்டில் N-இன் அடுக்கு சரியாக 0.5 ஆக இருந்தால்தான் கிரோவின் எண் அசையாமல் நிற்கும். எல்லா உரையும் அப்படி நடக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ட்வீடி, பாயன் இருவரும் 1998-இல் இப்படிப்பட்ட மாறிலிகளை வரிசையாகச் சோதித்தபோது, அவற்றில் பெரும்பாலானவை நீளத்தோடு மாறத்தான் செய்தன.

ஒரே அளவுச் சாளரம்

நம்பத்தகுந்த வழி எளிமையானது. ஒரு குறிப்பிட்ட அகலச் சாளரத்தை, 50 டோக்கன் என்று வைத்துக்கொள்ளுங்கள், உரையின் மேல் ஒவ்வொரு சொல்லாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் விகிதத்தைக் கண்டு, கடைசியில் சராசரி எடுப்பது. கவிங்டனும் மெக்ஃபாலும் 2010-இல் முன்வைத்தது இது. வகுக்கும் எண் எப்போதும் அதே 50 என்பதால் உரையின் நீளம் உள்ளே நுழைய வழியில்லை.

```python
import unicodedata

def mattr(text, w=50):
    t = unicodedata.normalize("NFC", text).split()
    n = len(t) - w + 1
    if n < 1:
        return None
    return sum(len(set(t[i:i+w])) / w for i in range(n)) / n
```

நிறுத்தக்குறிகளை முன்பே நீக்கிவிட்டு உரையை இதில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் "பூனை", "பூனை," இரண்டும் இரண்டு டைப் ஆகும். பூனைக் கதைக்கு `w=10` என்று போட்டால் ஒவ்வொரு பாதிக்கும் 0.8, முழுக்கதைக்கு 0.75. முன்பு 0.5 என்று விழுந்தது நினைவிருக்கும்.

இங்கும் சறுக்கலாம். 50 சொல் சாளரத்தில் வந்த எண்ணை வேறொருவர் 100 சொல் சாளரத்தில் எடுத்த எண்ணோடு ஒப்பிட்டால் பழைய கதைதான். ஆகவே எண்ணோடு சாளர அகலத்தையும் எழுதுங்கள். உங்கள் தொகுப்பில் மிகக் குட்டையான உரையைவிட அகலமான சாளரம் வைத்தால் அந்த உரை கணக்கிலிருந்தே விழுந்துவிடும். இன்னொன்று: 50 சொற்களுக்குள் ஒருவர் திரும்பச் சொல்லவில்லை என்பதைத்தான் இந்த அளவு காண்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் அதே இருநூறு சொற்களைச் சாமர்த்தியமாகக் கலைத்துப் போடுகிறவரை இது பிடிக்காது. அதைப் பிடிக்க வேண்டுமானால் எல்லா உரைகளிலிருந்தும் சமமான பெரிய துண்டுகளை எடுத்து டைப்புகளை நேராக எண்ணுவது மேல்.

எம்.டி.எல்.டி என்ற அளவும் பரவலாக இருக்கிறது. விகிதம் 0.72-க்கு இறங்கும்வரை எண்ணிக்கொண்டே போய், இறங்கியதும் துண்டை முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். துண்டுகளின் சராசரி நீளமே விடை. நல்ல யோசனைதான், ஆனால் நூறு சொல்லுக்கும் குறைவான உரையில் சில துண்டுகளே தேறுவதால் எண் தாறுமாறாக ஆடும். மேலும் அந்த 0.72 ஆங்கில உரைகளைப் பார்த்து வைத்த எல்லை.

தமிழில் எண்ணும்போது

ஆங்கிலத்தில் "in", "to", "the" என்று தனித்தனியே நின்று திரும்பத் திரும்ப வருபவை தமிழில் சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. வீட்டில், வீட்டுக்கு, வீட்டை என்று ஒரே வீடு மூன்று டைப் ஆகிறது. "அதற்கு", "அதற்குத்" என்று வல்லினம் மிகுந்தாலே இன்னொரு டைப் பிறந்துவிடும். அதனால் ஒரு ஆங்கிலக் கட்டுரையையும் அதன் தமிழ் மொழிபெயர்ப்பையும் எடுத்தால் தமிழில் டோக்கன் குறையும், டைப் பெருகும். விகிதம் இரண்டு பக்கமும் ஏறும். அதை வைத்துத் தாய்மொழிப் பெருமை பேசத் தோன்றும். வேண்டாம், அது புணர்ச்சியும் வேற்றுமை உருபும் செய்த வேலை.

அடிச்சொல்லாக மாற்றி எண்ணலாம். பூனைக் கதையில் "வந்துச்சு", "வந்தாங்க" இரண்டையும் "வா" என்று கொண்டால் முதல் பாதி 0.7 ஆகும், இரண்டாம் பாதி 0.8-லேயே நிற்கும். சமமாக இருந்த பாதிகள் இப்போது சமமில்லை. இரண்டு முறையும் சரிதான். எதை எண்ணினோம் என்று சொல்லாமல் விடுவதுதான் தவறு.

இதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத தவறு. பைத்தானின் `re` தொகுப்பில் `\w+` என்று போட்டுத் தமிழ்ச் சொற்களைப் பிரித்தால், புள்ளியும் உயிர்க்குறிகளும் எழுத்தாகக் கருதப்படாமல் "பால்" என்பது "ப", "ல" என்று உடையும். பிறகு நீங்கள் எண்ணுவது சொற்களை அல்ல, எழுத்துத் துண்டுகளை. டைப் எண்ணிக்கைக்கும் உண்மையான சொற்களுக்கும் தொடர்பே இருக்காது. அதிகம் வரும் இருபது டைப்புகளைத் திரையில் அச்சிட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். "கொ" போன்ற எழுத்துகள் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம். கண்ணுக்கு ஒன்று, எண்ணிக்கைக்கு இரண்டு. மேலே நிரலில் உள்ள `NFC` அதற்காகத்தான்.

கடைசியாக, எந்த அளவை எடுத்தாலும் நான் செய்யும் சோதனை. தொகுப்பிலிருந்து நீளமான ஓர் உரையை எடுத்து, அதில் தொடர்ச்சியான 200, 400, 800, 1,600 சொல் துண்டுகளைப் பல இடங்களிலிருந்து வெட்டி, ஒவ்வொரு நீளத்துக்கும் சராசரி காண்பேன். எண் ஒரே திசையில் நடந்துகொண்டே போனால் அந்த அளவு நீளத்தைத்தான் அளக்கிறது. வெவ்வேறு ஆட்களின் உரைகளை வைத்து நீளத்தோடு தொடர்பு பார்ப்பது இதற்கு ஈடாகாது: நன்றாக எழுதுகிறவர்கள் நீளமாகவும் எழுதக்கூடும், அந்தத் தொடர்பு உண்மையானதாகவே இருக்கலாம். ஒரே உரையை வெட்டும்போது ஆள் மாறுவதில்லை. மாறுவது நீளம் மட்டுமே.